வீடியோ காலில் அம்மாவுக்கு லினக்ஸ்: எங்கே நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும்

கேள்வி: நான் டப்ளினில் வேலை செய்கிறேன், அம்மா தென்காசியில் இருக்கிறார். அவருடைய பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 10தான் ஓடும், 11 ஏறாது என்கிறது. ஊருக்கு வர எட்டு மாதம் ஆகும். வீடியோ காலிலேயே அம்மாவை வைத்து லினக்ஸ் போட்டுவிட முடியுமா?

முடியும். நான் மியூனிக்கில் உட்கார்ந்துகொண்டு, மதுரையில் இருக்கும் என் அம்மா கையாலேயே லினக்ஸ் மின்ட் போட வைத்தேன். முதலில் ஒன்று: வீடியோ காலை லேப்டாப்பில் எடுக்கச் சொல்லாதீர்கள், அது நடுவில் அணைந்து எழும். அம்மாவின் போனில் எடுத்து, பின்பக்கக் கேமரா லேப்டாப் திரையைப் பார்க்கும்படி, புத்தகங்களை அடுக்கிப் போனைச் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். கையில் பிடித்தால் ஆடும், உங்களால் ஒரு எழுத்தும் படிக்க முடியாது. மின்விசிறிக்குக் கீழே இருக்கும் ட்யூப்லைட் திரையில் பளபளக்கிறதா என்றும் பாருங்கள், நாங்கள் அதிலேயே கால் மணி நேரம் இழந்தோம்.

8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் மின்ட்டின் ஐஎஸ்ஓ ஃபைலை ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்து எழுதுவது சுலபம், விண்டோஸ் ஓடும்போதே செய்வதால் திரையைப் பகிர்ந்து நீங்களே வழிகாட்டலாம். அதற்கு முன்னால் அம்மாவின் படங்கள், ஆவணங்கள் எல்லாவற்றையும் வேறொரு பென்டிரைவுக்கு நகல் எடுத்து, நான்கைந்து ஃபைலைத் திறந்து பார்த்துவிடுங்கள். அப்புறம் அந்த பென்டிரைவைக் கழற்றி பீரோவில் வைத்துவிடச் சொல்லுங்கள். இதில் நான் கண்டிப்பாக இருப்பேன், ஏனென்றால் இன்ஸ்டாலர் எந்த டிஸ்க்கை அழிக்கட்டும் என்று கேட்கும்போது அதுவும் பட்டியலில் வந்து நிற்கும்.

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது பென்டிரைவிலிருந்து பூட் செய்யும் இடத்தில். லோகோ வரும் அரை நொடியில் F12 அழுத்து, இல்லை Esc அழுத்து என்று சொன்னால், வீடியோ கால் தாமதமாக வருவதால் நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் விண்டோஸ் வந்துவிடும். அம்மா மூன்று முறை தவறவிட்டு, "எனக்கு இதெல்லாம் வராதுப்பா, நீ வரும்போது பாத்துக்கலாம்" என்று எழுந்துவிட்டார். தவறு என்னுடையது. அவசரமே தேவையில்லாத வழி விண்டோஸிலேயே இருக்கிறது: Shift விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே Restart என்பதைச் சொடுக்கினால் நீலத் திரை வரும், அதில் Use a device, அப்புறம் பென்டிரைவ் பெயர். அம்மா நிதானமாகப் படித்துச் சொடுக்கினார், முதல் முயற்சியிலேயே மின்ட் வந்தது. Use a device என்ற வரியே காணோம் என்றால் அந்த லேப்டாப் பழைய பயாஸ் முறையில் ஓடுகிறது என்று சந்தேகப்படுங்கள், அப்போது விசையைத்தான் நம்ப வேண்டும்.

இப்போது ஓடுவது பென்டிரைவிலிருந்து, டிஸ்க்கில் இன்னும் எதுவும் மாறவில்லை. இங்கே நில்லுங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, டச்பேட் நகர்கிறதா, மூன்றையும் அம்மாவையே பார்க்கச் சொல்லுங்கள். வைஃபை பட்டியலே வராவிட்டால் போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடலாம், வீடியோ கால் நிற்காது. பிடிக்காத ஒன்றுக்கு வழி தெரியும் வரை மேலே போகாதீர்கள், பென்டிரைவைக் கழற்றி ரீஸ்டார்ட் செய்தால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

எல்லாம் சரி என்றால் Install Linux Mint. Erase disk and install Linux Mint என்ற திரையில் மட்டும் அம்மாவை ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், பட்டனை அவர் தொடுவதற்கு முன் டிஸ்க்கின் பெயரையும் அளவையும் நீங்கள் கண்ணால் பாருங்கள்.

நடுவில் Secure Boot கடவுச்சொல் கேட்டால் எட்டு எண்களாக வைத்து, காகிதத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத் திரை வரும், சில நொடிதான் நிற்கும். ஏதாவது ஒரு விசையைத் தட்டி Enroll MOK, Continue, Yes என்று போய் அந்த எண்ணைக் கொடுக்க வேண்டும். "அடிக்கிறேன், ஒண்ணுமே விழலையேப்பா" என்றார் அம்மா. அங்கே எழுத்து தெரியாது, அடித்துவிட்டு என்டர் தட்டினால் போதும். இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தவறிவிட்டாலும் பயமில்லை, மின்ட் எழும், ஆனால் வெளியிலிருந்து சேர்த்த டிரைவர்கள், சில லேப்டாப்பில் வைஃபை உட்பட, வேலை செய்யாமல் போகலாம். அப்போது டெர்மினலில் இதைக் கொடுத்து, அது கேட்கும் கடவுச்சொல்லை வைத்துவிட்டு மீண்டும் ரீஸ்டார்ட் செய்தால் அதே நீலத் திரை வரும்:

```
sudo mokutil --import /var/lib/shim-signed/mok/MOK.der
```

அம்மா அந்த லேப்டாப்பில் டாலியில் கணக்குப் பார்க்கிறார், அல்லது டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகுகிறார் என்றால் விண்டோஸை அழிக்காதீர்கள். பக்கத்திலேயே மின்ட்டைப் போட்டு இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் டிஸ்க்கைப் பிரிக்கும் வேலையை வீடியோ காலில் செய்யாமல் எட்டு மாதம் கழித்து நேரில் வைத்துக்கொள்ளுங்கள்.