மதிப்புரையில் கடுமையைக் குறைப்பது

“சோழர் கால வரிகள் பற்றிய நூலுக்கு மதிப்புரை எழுதினேன். ‘ஆசிரியருக்குக் கல்வெட்டே படிக்கத் தெரியவில்லை’ என்ற வரி தனிப்பட்ட தாக்குதல் என்று இதழாசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். குறை உண்மைதானே?”

உண்மையாக இருக்கலாம் நண்பரே, ஆனால் அந்த வரியை வாசகர் சரிபார்க்க முடியாது. ஆசிரியருக்கு என்ன தெரியும் என்பது நூலில் இல்லை; அவர் என்ன எழுதினார் என்பதுதான் இருக்கிறது. அப்படிச் சொல்லவைத்த பக்கத்தைத் திறந்து, அங்கே நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

உதாரணமாக, அவர் கல்வெட்டு ஆண்டறிக்கையின் ஆங்கிலச் சுருக்கத்தை மட்டும் நம்பியிருந்தால் இப்படி மாற்றலாம்: “மூன்றாம் இயலில் ‘இறை’, ‘கடமை’ இரண்டும் ஒரே வரியாகக் கொள்ளப்படுகின்றன. சான்றான கல்வெட்டின் சுருக்கம் மட்டுமே காட்டப்பட்டுள்ளது. அச்சான முழுப் பாடத்தில் இரண்டும் தனித்தனியே வருகின்றன.” தொகுதி எண்ணையும் கல்வெட்டு எண்ணையும் கட்டாயம் சேர்த்துவிடுங்கள்.

அடுத்து, இந்தப் பிழையால் எது சரிகிறது என்று ஒரு வரி. அந்த இயலின் கணக்கு மட்டும் சரிந்து மற்ற இயல்கள் நிற்கின்றன என்றால் அதையும் சொல்லியாக வேண்டும். நியாயம் அங்கேதான் இருக்கிறது. ‘வேண்டுமென்றே மறைத்தார்’ போன்றவை இருந்தால் எடுத்துவிடுங்கள், ‘குறிப்பிடவில்லை’ போதும்.