சைக்கிள் பேஸ்டு சிமுலேஷனில் எல்லா டெஸ்டும் பாஸ். ஈவென்ட் டிரிவனில் மறுபடி ஓட்டித்தான் ஆக வேண்டுமா?

ஓட்டுங்கள். ஆனால் வெறும் ஆர்டிஎல்லை ஓட்டினால் போதாது. நீங்கள் டேப்அவுட்டுக்கு முன் வேகமாக ரிக்ரெஷன் முடிக்கச் சொல்லும் டீமில் இருக்கிறீர்கள் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

தரமணியில் நான் வேலை பார்த்த டீமில் வந்த ஒரு பிளாக், சுருக்கி:

```verilog
assign clr = (cnt == 3'd7);
always @(posedge clk or posedge clr)
  if (clr) busy <= 0;
  else if (start) busy <= 1;
```

சைக்கிள் சிமுலேட்டர் ஒவ்வொரு கிளாக் எட்ஜிலும் ஒரு முறை கணக்குப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். அதற்கு cnt முதலில் 3, அடுத்து 4. நடுவில் எதுவும் இல்லை. ஈவென்ட் டிரிவன் நடுவில் நடப்பதையும் பார்க்கும் என்று பலர் நம்புகிறார்கள். இங்கே பார்க்காது. ஆர்டிஎல்லில் cnt-இன் மூன்று பிட்டும் ஒரே அப்டேட்டில் மாறிவிடுகின்றன. டெல்டா என்பது எது முன், எது பின் என்ற வரிசைதான், அதில் நேரமே கிடையாது.

கேட் லெவலில் SDF தாமதங்களைச் சேர்த்து ஓட்டியபோது busy பாதியில் விழுந்தது. வேவ்ஃபார்மை பிகோசெகண்ட் வரை பெரிதாக்கினோம். cnt[2] எட்ஜுக்கு 0.2 நானோ செகண்டில் ஏறிவிட்டது, மற்ற இரண்டும் இறங்க 0.5 ஆனது. 011-இலிருந்து 100-க்குப் போகும் வழியில் 0.3 நானோ செகண்டுக்கு 111. clr-க்கு அது போதும்.

"கிளாக்குக்குக் கிளாக் மேட்ச் ஆகிறதே, கேட் சிம்முக்கு எதற்கு இத்தனை நாள்?" என்று எங்கள் மேனேஜர் கேட்டுக்கொண்டே இருந்தார். இங்கே கோர்ஸ் நடத்தும் இடங்களும் அப்படித்தான். பணத்தை வாங்கிக்கொண்டு டூல் பெயர்களை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள், ஒரு கிளிட்சைக்கூடக் காட்டுவதில்லை. பிள்ளைகளை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

வெரிலேட்டர் 5-இல் `--timing` வந்துவிட்டதே என்று யாராவது சொல்வீர்கள். தெரியும். நீங்கள் # போட்டு எழுதிய தாமதத்தை அது மதிக்கும். எழுதாத வயர் தாமதத்தை அது எங்கே போய்த் தேடும்?

SDF-ஐயும் முழுசாக நம்பிவிடாதீர்கள். அந்த டீகோட் கேட்டின் தாமதம் 0.4 ஆக இருந்திருந்தால், அதைவிடக் குறுகிய பல்ஸ் என்று சிமுலேட்டரே அதை விழுங்கியிருக்கும். டெஸ்டும் பாஸ் ஆகியிருக்கும். சிலிக்கானில் அதே பல்ஸ் அரை உயரத்துக்கு எழும்பி, ஒரு சிப்பில் ஃபிளாப்பை அழிக்கும், இன்னொன்றில் அழிக்காது. செட்டப், ஹோல்டு பார்க்கும் எஸ்டிஏவும் இந்தக் கிளிட்சைச் சொல்லாது.

அதனால் சிமுலேஷனுக்கு முன்பே கோடில் தேடுங்கள்: அசிங்க் ரீசெட்டுக்கோ கிளாக்குக்கோ நேராகப் போகும் காம்பினேஷனல் லாஜிக் ஏதாவது இருக்கிறதா? நாங்கள் cnt == 6 என்று பார்த்து, அதை ஒரு ஃபிளாப்பில் பிடித்து clr ஆகக் கொடுத்தோம். அதே சைக்கிளில்தான் clr ஏறுகிறது, ஆனால் நேராக ஃபிளாப்பிலிருந்து வருவதால் நடுவில் துடிப்பதில்லை.