பாயிண்டும் பஞ்சாங்கமும்: தீபாவளி விற்பனையில் தள்ளிவைக்கும் வருமானம்

பதில் சொல்பவர், மதுரையில் ஜவுளிக் கடைக் கணக்குகளைப் பல வருஷமாகத் தணிக்கை செய்து வருபவர்.

தெற்கு மாசி வீதி ஜவுளிக் கம்பெனி, கணக்குப் பிரிவிலிருந்து: "சார், பில் போட்ட அன்னைக்கே முழுப் பணமும் வந்துடுது. அதுல ஒரு பங்கை வருமானமாக் காட்டக் கூடாதுன்னு ஆடிட்டர் சொல்றார். எங்ககிட்ட 20 ரூபாய்க்கு 1 பாயிண்ட், 1 பாயிண்ட்டுக்கு 1 ரூபாய் தள்ளுபடி. 12 மாசக் கெடு."

பணம் வந்துவிட்டது, சரி. அதற்குக் கொடுக்க வேண்டியதை முழுசாகக் கொடுத்தாயிற்றா? 2,000 ரூபாய்க்குச் சேலை எடுத்தவர், அடுத்த முறை 100 ரூபாய் குறைத்துக் கேட்கும் உரிமையையும் அதே பணத்தில் வாங்கிக்கொண்டு போகிறார். வருமானத்தை எப்போது, எவ்வளவு காட்டுவது என்று சொல்லும் கணக்குத் தரநிலையான இன்ட் ஏஎஸ் 115, அதைத் தனியாக விற்ற ஒரு பொருளாகவே பார்க்கிறது.

ஒரு தீபாவளிக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 2022 அக்டோபரில் கார்டு வைத்திருப்பவர்களுக்கு, ஜிஎஸ்டி நீங்கலாக, 40,00,000 ரூபாய்க்கு விற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த பாயிண்ட் 2,00,000. எல்லாரும் கழிக்க வரமாட்டார்கள். நூற்றுக்கு 80 கழியும் என்று மதிப்பிட்டால் பாயிண்ட்டின் மதிப்பு 1,60,000. துணியின் விலை 40,00,000, பாயிண்ட் 1,60,000, ஆக மொத்தம் 41,60,000. கைக்கு வந்ததோ 40,00,000தான். அதை இந்த விகிதத்தில் பிரித்தால் துணிக்கு 38,46,154, பாயிண்ட்டுக்கு 1,53,846. முதல் தொகை அன்றைக்கே வருமானம். இரண்டாவது கடனாக நிற்கும்.

1,53,846ஐ 1,60,000ஆல் வகுத்தால் ஒரு பாயிண்ட்டுக்குச் சுமார் 96 பைசா. ஒவ்வொரு பாயிண்ட் கழியும்போதும் அந்த 96 பைசா வருமானத்துக்கு நகரும். 2023 மார்ச் 31க்குள் 80,000 பாயிண்ட் கழிந்திருந்தால் 76,923 வருமானம், மீதி 76,923 அடுத்த வருஷத்துக்கு. கழிக்காமல் போகும் 40,000 பாயிண்ட்டுக்கென்று தனிப் பதிவு எதுவும் வேண்டாம். அதன் பங்கு இந்த 96 பைசாவுக்குள்ளேயே அடங்கிவிட்டது.

திருமங்கலம், சி.ஏ. மாணவி: "அந்த 80 எங்கிருந்து வருது சார்? நான் பில்லிங் சாஃப்ட்வேர்ல இதுவரை கழிஞ்சதை இதுவரை கொடுத்ததால வகுத்தேன். 46 தான் வந்துச்சு."

நீ விழுந்த குழியில் நானும் விழுந்திருக்கிறேன் அம்மா. போன வாரம் கொடுத்த பாயிண்ட்டையும் கீழே போட்டு வகுத்துவிட்டாய். அதைக் கழிக்க இன்னும் 51 வாரம் இருக்கிறது. கெடு முடிந்த பாயிண்ட்டை மட்டும், கொடுத்த மாதவாரியாகப் பிரித்து எடு. 2021 நவம்பரில் கொடுத்தவற்றில் 2022 நவம்பருக்குள் எத்தனை கழிந்தன என்று பார். அதுதான் முழு ஆயுளையும் வாழ்ந்து முடித்த பாயிண்ட். கணக்கு முடிக்கும் மார்ச் 31இல் தீபாவளி பாயிண்ட்டுக்கு ஐந்து மாதம்தான் வயது. பொங்கலுக்கு வந்தவர்கள் கழித்திருப்பார்கள், சித்திரை வைகாசிக் கல்யாணக்காரர்கள் இன்னும் வரவில்லை.

நான் விழுந்தது வேறு குழி. ஒரு கடையில் 2021 தீபாவளி பாயிண்ட் ஆயுளுக்கும் எப்படிக் கழிந்தது என்று ஒழுங்காகவே எடுத்தேன், 80 வந்தது. அதையே 2022க்கும் வைத்தேன். கடைசியில் கழிந்தது 60தான். காரணம் சாஃப்ட்வேரில் இல்லை, சுவரில் தொங்கிய காலண்டரில் இருந்தது. 2021இல் தீபாவளி நவம்பர் 4, அடுத்தது 2022 அக்டோபர் 24. உசிலம்பட்டிப் பக்கமிருந்து வருஷத்துக்கு ஒரே தடவை துணி எடுக்க வருபவர்கூட 12 மாதத்துக்குள் திரும்பி வந்து கழித்துவிட்டார். 2023இலோ தீபாவளி நவம்பர் 12. 2022 அக்டோபரில் வாங்கிய பாயிண்ட் செத்து இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் அவர் கடை வாசலில் நிற்கிறார். 2025க்கும் இதே கதைதான்: அக்டோபர் 20 தீபாவளி, அடுத்தது 2026 நவம்பர் 8. அதனால் தீபாவளி மாத பாயிண்ட்டுக்கு மட்டும் தனி வீதம் வை. முந்தின வருஷத்தை அப்படியே எடுக்காதே, பண்டிகை இதேபோலத் தள்ளிப் போன வருஷத்தைத் தேடி எடு.

மேலூர், கூட்டு வியாபாரக் கடை உரிமையாளர்: "வருமானத்துல கையே வைக்க வேண்டியதில்லை. கழிக்க வர்றவங்களுக்கு ஆகிற செலவை ஒதுக்கி வெச்சாப் போதும். எங்க ஆடிட்டர் இருபது வருஷமா அப்படித்தான் செய்றார்."

உங்கள் கடைக்கு அது சரிதான் அண்ணாச்சி. கூட்டு நிறுவனத்துக்கு இன்ட் ஏஎஸ் கிடையாது. பொதுவாக, பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளும், பட்டியலிடாவிட்டாலும் நிகர மதிப்பு 250 கோடியைத் தொட்ட கம்பெனிகளும் அதில் வருகின்றன. உங்கள் முறையில் 1 ரூபாய் பாயிண்ட்டுக்குத் துணியின் அடக்கம் 70 பைசா என்றால் 70 பைசாதான் ஒதுக்குவீர்கள், விற்பனை 40 லட்சமும் அப்படியே நிற்கும். ஆனால் மேலே கேட்டவர் இன்ட் ஏஎஸ்ஸில் வரும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவருக்கு இது செல்லாது. ஒன்று மட்டும் உங்களுக்கும் உண்டு: ஒதுக்கும்போதும் எத்தனை பேர் வருவார்கள் என்ற மதிப்பீடு வேண்டும். தீபாவளித் தேதி உங்களையும் விடாது.

அனுப்பானடி, இல்லத்தரசி: "என் கார்டில் 640 பாயிண்ட் இருந்தது. இப்போ பூஜ்யம் காட்டுது. அந்தப் பணத்தைத்தான் கடைக்காரர் வருமானம்னு எழுதிக்கிறாரா?"

ஒருவகையில் ஆமாம் அம்மா. ஆனால் திரும்பக் கிடைக்குமா என்பதை என் கணக்கு முடிவு செய்யாது, கார்டின் பின்பக்க நிபந்தனைதான் செய்யும். மேலாளரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

மறுபடியும் தெற்கு மாசி வீதி: "80ன்னு போட்டது 60ன்னு ஆயிடுச்சுன்னா, 1,53,846ஐயும் மாத்தணுமா?"

மாற்றக் கூடாது. விற்ற அன்று பிரித்தது பிரித்ததுதான். வகுக்கும் எண்தான் மாறும். 2023 மார்ச் 31இலேயே 1,20,000தான் கழியும் என்று தெரிந்திருந்தால், கழிந்த 80,000க்கு 1,53,846இல் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 1,02,564 வருமானம் வந்திருக்கும். 80ஐயே பிடித்துக்கொண்டு நின்றதால் 76,923தான் வந்தது. 25,641 ரூபாய் அடுத்த வருஷத்துக்குப் போய்விட்டது.

இதில் ஒரு நெருடல் இருக்கிறது. 2023 தீபாவளி எந்தத் தேதி என்பது 2022லேயே தெரிந்த சங்கதி. அப்படியானால் இது மதிப்பீட்டு மாற்றமா, பிழையா? மாற்றம் என்றால் அந்த வருஷத்திலிருந்து முன்னோக்கித் திருத்தினால் போதும். பிழை என்றால், தொகை பெரிதாக இருக்கும்பட்சத்தில், பழைய கணக்கையே திருத்திக் காட்ட வேண்டும். கையில் இருந்த தகவலைப் பார்க்காமல் விட்டது பிழை என்பது என் கருத்து. கூட இருந்த தணிக்கையாளர் ஒப்பவில்லை. தொகை சின்னதாக இருந்ததால் சண்டை அதோடு நின்றது.

தெற்கு மாசி வீதிக்காரரே: "எங்க முதலாளி இந்த வருஷம் கெடுவை 13 மாசமாக்கிட்டார். ஏற்கனவே கொடுத்ததுக்கும் சேர்த்துதான்."

புது பாயிண்ட்டுக்குச் சிக்கல் இல்லை, 13 மாதத்துக்கான வீதத்தைப் போடுங்கள். பழையதில் இன்னும் கூடுதலாகக் கழியும் என்பதால் வகுக்கும் எண்ணைக் கூட்டுங்கள், இந்த வருஷ வருமானம் கொஞ்சம் இறங்கும். நான் அப்படித்தான் செய்வேன். முதலாளி தானாக ஒரு மாதம் கூட்டிக் கொடுத்ததை ஒப்பந்தத் திருத்தமாகத்தான் பார்க்க வேண்டும் என்று வாதிடுபவர்களும் உண்டு. மார்ச் வருவதற்குள் உங்கள் ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.