பிரிட்டன் கால்நடை மருத்துவப் படிப்பில் வரும் ‘இஎம்எஸ்’ என்றால் என்ன?

"பிரிட்டனில் கால்நடை மருத்துவம் படிப்பவர்கள் இஎம்எஸ் போகிறோம் என்கிறார்களே, அது என்ன? சம்பளம் தருவார்களா? ஊருக்குத் திரும்பினால் உதவுமா?"

விடுமுறையில் கல்லூரிக்கு வெளியே பெறும் கட்டாயக் களப்பயிற்சி அது. முன்பு வழக்கமான அளவு 38 வாரம்: பண்ணைகளில் 12, மருத்துவர்களோடு 26. கொரோனாவுக்குப் பின் குறைத்தார்கள்.

ஏன் வெளியே? கல்லூரி மருத்துவமனைக்குப் பெரும்பாலும் மற்ற மருத்துவர்கள் அனுப்பும் சிக்கலான நோயாளிகளே வருவார்கள். அன்றாட நோய்கள் பண்ணைகளிலும் வெளி மருத்துவர்களிடமும்தான் தெரியும். ஆர்டிஓ மைதானத்தில் எட்டுப் போடுவதற்கும் சந்தை நாளில் கடைத்தெருவில் வண்டி ஓட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

பொதுவாகச் சம்பளம் கிடையாது. தங்குமிடமும் போக்குவரத்தும் பெரும்பாலும் நம் செலவு. கல்விக் கட்டணத்தோடு இதையும் கணக்கில் சேருங்கள். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

வசந்தத்தில் ஆடு ஈனும் பண்ணைக்குப் போனால், குட்டியின் மடங்கிய காலைத் தாயின் வயிற்றுக்குள் கைவிட்டு நேராக்கப் பழகலாம். நம்மூர் வெள்ளாட்டுக்கும் அதே கைப்பக்குவம்தான். ஆனால் கோமாரி, ஆட்டுக்கொல்லி நோய்களை அங்கே பார்க்க வாய்ப்பில்லை. எருமையும் அபூர்வம். அவற்றை இங்கே வந்துதான் பழக வேண்டும்.

பிரிட்டன் பட்டம் இருந்தால் நேராக மருத்துவமனை திறந்துவிடலாம் என்பது தவறு; 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி பதிவு செய்த பிறகே தொழில் செய்யலாம்.