கடைசிச் சீட்டு எனக்கு விழுந்தால்?

கேள்வி: பக்கத்து வீடுகளில் பத்துப் பேர் சேர்ந்து, மாதம் 5,000 வீதம் குலுக்கல் சீட்டு ஆரம்பிக்கிறார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள். நடத்தப்போகிற அக்கா நல்லவர்தான். ஆனால் எனக்குக் கடைசி மாதம் விழுந்தால் அதுவரை கட்டிய பணத்துக்கு என்ன பாதுகாப்பு? சேரலாமா?

பதில்: சேரலாம். ஆனால் அக்காவைவிட அதிகமாக நீங்கள் கவனிக்க வேண்டியது, முதல் மூன்று மாதங்களில் பணம் எடுக்கப்போகிறவர்களை. எடுத்த பிறகும் அவர்களைக் கட்டவைப்பது எது என்று பாருங்கள்.

மாதாமாதம் 50,000 திரளும். முதல் மாதம் எடுப்பவர் 5,000 கட்டி 50,000 வாங்கிப் போகிறார். பெயர்தான் சேமிப்பு, உண்மையில் அன்றைக்கு அவர் மற்ற ஒன்பது பேரிடமும் ஆளுக்கு 5,000 வீதம், வட்டியில்லாமல் 45,000 கடன் வாங்கியிருக்கிறார். பத்தாவது மாதம் எடுப்பவர் இதற்கு நேர் எதிர். அவர் கடைசி நாள்வரை கடன் கொடுத்தவர் மட்டுமே. ஐந்தாவது ஆள் பாதி வழி கொடுத்தவர், மீதி வழி வாங்கியவர். எல்லோரும் ஒழுங்காகக் கட்டினால், கடைசி ஆளுக்கு இது வீட்டு உண்டியலில் போட்டதற்குச் சமம். மற்ற ஒன்பது பேருக்கும் உண்டியலைவிட முன்னதாகவே மொத்தப் பணம் கிடைத்துவிடும். சீட்டின் லாபம் இதுதான். மெக்சிகோவில் இதைத் தாண்டா என்கிறார்கள், இந்தோனேசியாவில் அரிசான், எத்தியோப்பியாவில் இக்குப். எங்கே போனாலும் கணக்கு ஒன்றுதான்.

இப்போது முதல் சீட்டு எடுத்தவரின் இடத்திலிருந்து யோசியுங்கள். கையில் 50,000 இருக்கிறது. இனிமேல் ஒன்பது மாதம் கட்டுவது மட்டும்தான், வருவது எதுவுமில்லை. நிறுத்திவிட்டால் என்ன தண்டனை? “அடுத்த சீட்டில் உன்னைச் சேர்க்க மாட்டோம்” என்பார்கள். அது பெரிய மிரட்டல் போலத் தெரியும், ஆனால் அவர் கட்டாமல் மிச்சம் பிடித்த 5,000-ஐ மாதாமாதம் தானே சேர்த்துக்கொள்ளலாமே. நைரோபியின் கிபேரா பகுதிச் சீட்டுக் குழுக்களை ஆராய்ந்து சிவான் ஆண்டர்சன் உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள் 2009-இல் வெளியிட்ட கட்டுரையும் இதைத்தான் சொல்கிறது: அடுத்த சுற்றில் விலக்கிவைப்போம் என்ற பயம் மட்டும் எந்தச் சீட்டையும் தாங்காது; சீட்டுக்கு வெளியிலிருந்து ஒரு பிடி வேண்டும்.

அக்கம்பக்கத்துச் சீட்டில் அந்தப் பிடி, தினமும் முகம் பார்க்க வேண்டியிருப்பதுதான். எனவே பத்துப் பேரில் யார் பத்து மாதத்துக்குள் வீடு மாறக்கூடியவர், யாருக்கு வேலை நிச்சயமில்லை, யார் ஏற்கெனவே நாலு பேரிடம் கைமாற்று வாங்கியிருக்கிறார் என்று பாருங்கள். அவர் நல்லவரா என்பது வேறு விஷயம். நிறுத்துகிறவர்களில் பலர் ஏமாற்ற வந்தவர்களே இல்லை, வருமானம் நின்றுபோனவர்கள்.

ஒருவர் நிறுத்தினால் அடி யார் மேல் விழும்? இரண்டாவது மாதம் எடுத்தவர் நான்கு தவணை கட்டிவிட்டு, ஐந்தாவது மாதம் முதல் கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் கட்டியது 20,000, வாங்கியது 50,000. மீதி 30,000 போச்சு. ஐந்தாவது மாதத்திலிருந்து 45,000-தான் திரளும். இனி எடுக்க வேண்டிய ஆறு பேருக்கும் ஆளுக்கு 5,000 குறையும். முதல் நான்கு மாதங்களில் எடுத்தவர்களுக்கு ஒரு காசும் நஷ்டமில்லை. அங்கேதான் இரண்டாவது ஆபத்து. மூன்றாவது மாதம் எடுத்தவர், “அவரே கட்டவில்லை, நான் மட்டும் ஏன்?” என்று ஆறாவது மாதம் நிறுத்துகிறார். இப்போது திரள்வது 40,000. உங்களுக்குப் பத்தாவது சீட்டு என்றால், 50,000 கட்டி 40,000 வாங்குவீர்கள். அதுவும் இவர்கள் இருவரைப் பார்த்து இன்னொருவர் நிறுத்தாமல் இருந்தால்.

இதற்கு நல்ல மருந்து, இன்னும் எடுக்காத ஒருவரின் ஜாமீன். சீட்டு எடுக்கிறவர், தனக்குப் பின்னால் எடுக்கப்போகிற ஒருவரின் கையெழுத்தோடுதான் பணம் வாங்க வேண்டும். அவர் பாக்கி வைத்தால் ஜாமீன் போட்டவரின் சீட்டில் கழித்துக்கொள்ளலாம். தன் பணம் மாட்டியிருப்பதால் அவரே விசாரித்துத்தான் கையெழுத்துப் போடுவார். கழிக்கிற பணமும் குழு அவருக்குக் கொடுக்க வேண்டிய பணம்தான், யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. ஆனால் கடைசிக்கு முன்னால் எடுப்பவருக்கு ஜாமீன் போட ஒருவர்தான் மிஞ்சுவார் என்பதையும், ஒரே ஆள் மூன்று பேருக்குப் போட்டால் அந்த ஜாமீனுக்கு மதிப்பில்லை என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். எடுக்கிறவரிடம் ஒரு தவணையைப் பிடித்துவைக்கிற வழக்கமும் உண்டு. தப்பில்லை, ஆனால் 45,000 பாக்கிக்கு எதிராக 5,000 என்பது ஒரு மாதத் தாமதத்தைத்தான் தாங்கும்.

இன்னொரு வழி, சீட்டையே சிறிதாக்குவது. பத்துப் பேருக்குப் பதில் ஐந்து பேர் என்றால் திரள்வது 25,000. முதலில் எடுத்தவரின் பாக்கி 20,000-ஐத் தாண்டாது, ஐந்து மாதத்தில் முடிந்தும்விடும். தெரியாத ஆட்களோடு முதல் முறை போடும் சீட்டு என்றால் இப்படித்தான் ஆரம்பிக்கச் சொல்வேன்.

சரி, அக்கா விஷயத்துக்கு வருவோம். சீட்டு நடத்துகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒருவர் தவணை கட்டவில்லை. வெளியே சொன்னால் பெயர் கெடும் என்று கைப்பணத்தைப் போட்டுச் சமாளிக்கிறார். அப்புறம் அதை ஈடுகட்ட இன்னொரு சீட்டு ஆரம்பித்து, அதன் முதல் சீட்டைத் தானே எடுக்கிறார். கொஞ்ச நாளில் புதுச் சீட்டுப் பணம்தான் பழைய சீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். வெளியில் தெரியும் அறிகுறிகள் சின்னவை: பணம் கைக்கு வர “இரண்டு நாள் பொறு” என்பது, முதல் சீட்டு முடிவதற்குள் இரண்டாவது, மூன்றாவது சீட்டு, முழுப் பட்டியலும் அவரிடம் மட்டுமே இருப்பது. பட்டியலில் உள்ள பத்துப் பேரையும் உங்களால் நேரில் பார்க்க முடியாவிட்டால், சில பெயர்களுக்குப் பின்னால் ஆளே இல்லாமலும் இருக்கலாம். எல்லோரும் கூடி, வசூலித்த அன்றே, எல்லோர் முன்னிலையிலும் பணத்தைக் கொடுத்துவிடுகிற சீட்டில் இதற்கு இடமே இல்லை. பணம் ஒரு இரவுகூட யார் வீட்டிலும் தங்கக் கூடாது.

“குலுக்கல் வேண்டாம், ஏலம் விடலாம்” என்று யாராவது சொன்னால் உஷாராக இருங்கள். ஏலத்தில் அதிகக் கழிவு கேட்கிறவருக்கே சீட்டு. முதல் மாதமே 15,000 கழித்துக்கொண்டு 35,000 போதும் என்று ஒருவர் எடுத்தால், அந்த 15,000 ஆளுக்கு 1,500 வீதம் பிரியும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அவர் இன்னும் 45,000 கட்ட வேண்டும். அவ்வளவு விட்டுக்கொடுத்து எடுப்பவர் பெரும்பாலும் நெருக்கடியில் இருப்பவர். வரப்போகிற தவணைகளும் அவரை நம்பித்தான் இருக்கின்றன.

வங்கி வைப்புக்கு உள்ள காப்புறுதி இதற்குக் கிடையாது. பதிவில்லாத சீட்டைச் சட்டம் அனுமதிக்காத இடங்களும் உண்டு. உங்கள் ஊர் விதியை முதலில் விசாரியுங்கள். பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்பினால் கட்டியதற்குச் சாட்சி இருக்கும். கையில்தான் என்றால், ஒவ்வொருவரிடமும் ஒரு நோட்டு, மாதாமாதம் கையெழுத்து.

அக்காவிடம் போய், “எடுத்தவர் கட்டாவிட்டால் யார் பணத்தில் கழிப்போம் அக்கா?” என்று மட்டும் கேளுங்கள். “அப்படியெல்லாம் நடக்காது” என்று சொன்னால் இந்தச் சுற்றை விட்டுவிடுங்கள். ஜாமீன் பற்றிப் பேச ஆரம்பித்தால் சேருங்கள். ஆனால் குலுக்கலில் முதல் சீட்டு உங்களுக்கே விழலாம், அதனால் உங்களுக்குக் கையெழுத்துப் போடப்போவது யார் என்று இப்போதே பேசி வையுங்கள்.