சிம்போசியம் அன்னிக்கு மழை வந்தா?

கேள்வி: சுங்கை சிப்புட்ல எங்க காலேஜ் டெக்னிக்கல் சிம்போசியம், பாடாங்ல கூடாரம் போட்டு செய்றோம், மழை வந்தா என்ன பண்றது?

தம்பி, மாத்து இடம்னு பேருக்கு எழுதி வெச்சா பத்தாது, டெப்பாசிட் கட்டி டேவான இப்பவே புடிச்சிடுங்க, கோயில் மண்டபம்னா அன்னிக்கு கல்யாணம் இருக்கான்னு கேட்டுக்குங்க.

அடுத்து கரண்ட்டு. நம்ம 13 ஆம்பியர் பிளக் ஒன்னு சுமார் 3000 வாட் தான் தாங்கும், கோடிங் போட்டிக்கு 20 டெஸ்க்டாப், ஆளுக்கு 200 வாட்னாலே 4000 ஆச்சு, எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன்ல சொருகினா பியூஸ் அவுட்டு. லாஜிஸ்டிக்ஸ் கமிட்டி நேர்ல போய் தனித்தனி லைன் இருக்கான்னு பாக்கணும், போன்ல கேட்டா "எல்லாம் இருக்கு"ன்னு தான் சொல்வாங்க.

முக்கியமானது, எப்ப மாத்தணும்ங்கறது. நம்ம பக்கம் மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல தான் கொட்டும், கம்ப்யூட்டர் நனைய ஆரம்பிச்சப்புறம் மீட்டிங் போடக்கூடாது. போட்டி 2 மணிக்கு, மாத்த ஒன்றரை மணி நேரம் ஆகும்னா, ரன் ஷீட்ல 12 மணிக்கே "இடம் மாத்தணுமா, வேணாமா"ன்னு ஒரு வரி போட்டு, முடிவு எடுக்குறவர் பேரையும் எழுதிடுங்க, ஒரே ஒருத்தர், கமிட்டி இல்ல.

ஸ்பான்சர் லெட்டர்லயும் இடம் மாறினா பேனர் எங்க, எந்த சைஸ்ல வரும்னு போட்டுடுங்க, கூடாரத்துக்கு அடிச்ச 20 அடி பேனர் டேவான் செவத்துல நிக்காது.