இணையவழிப் பாடநெறிக்கு விமர்சனம் எழுதும்போது

கேள்வி: பணம் கட்டி ஆன்லைன் கோர்ஸ் ஒன்றை முடித்தேன். விமர்சனத்தில் "நன்றாக இருந்தது" என்பதைத் தாண்டி எவற்றைப் பற்றி எழுத வேண்டும்?

பதில்:

சென்ற ஆண்டு தரவுத்தளத்திலிருந்து தகவலை எடுக்க உதவும் எஸ்கியூஎல் மொழிக்கான 14 மணி நேரப் பாடநெறி ஒன்றை முடித்துவிட்டு நான் எழுதிய விமர்சனத்தை வைத்தே சொல்கிறேன்.

வேகத்தைப் பற்றி எழுதுவதற்கு முன், நீங்கள் எவ்வளவு தெரிந்துகொண்டு உள்ளே போனீர்கள் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அது தெரியாமல் "மெதுவாகப் போகிறது" என்பதற்குப் பொருளில்லை. நான் எக்செல் மட்டுமே அறிந்தவன். அப்படியிருந்தும் மென்பொருளை நிறுவுவதற்கும் SELECT கட்டளைக்கும் செலவான முதல் 3 மணி நேரத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டேன். அட்டவணைகளை ஒன்றோடொன்று இணைக்கும், பலரும் தடுமாறும் JOIN பகுதியோ 20 நிமிடங்களில் முடிந்துவிட்டதால், அதை மூன்று முறை பார்க்க வேண்டியதாயிற்று. இப்படி எந்த இடத்தில் ஓட்டினீர்கள், எங்கே நிறுத்தித் திரும்பப் பார்த்தீர்கள் என்று எழுதினாலே போதும்.

ஆழத்தைத் தலைப்புப் பட்டியலை வைத்து அளக்க முடியாது. கற்றதை வெளியே பயன்படுத்தும்போது எது உடைந்தது என்பதே சரியான அளவுகோல். வேலையிடத்தில் எல்லா வாடிக்கையாளர்களையும், 500 ரூபாய்க்கு மேற்பட்ட ஆர்டர் இருந்தால் அதையும் பட்டியலிட நான் எழுதியது இது:

```
SELECT c.name, o.amount
FROM customers c
LEFT JOIN orders o ON o.customer_id = c.id
WHERE o.amount > 500;
```

ஆர்டரே செய்யாதவர்கள் பட்டியலில் வரவில்லை. அவர்களுக்கு amount மதிப்பே இல்லாமல் NULL ஆக இருப்பதால் WHERE நிபந்தனை அவர்களை நீக்கிவிடுகிறது. அந்த நிபந்தனை ON பகுதிக்குள் இருந்திருக்க வேண்டும். பாடநெறியில் இது ஏன் பிடிபடவில்லை என்று திரும்பிப் போய்ப் பார்த்தபோது, பயிற்சித் தரவில் இருந்த ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் 500 ரூபாயைத் தாண்டிய ஆர்டர் இருந்தது தெரிந்தது. தவறு வெளிப்பட வழியே இல்லாத அளவுக்குச் சுத்தமான தரவு! என் விமர்சனத்தில் பயனுள்ள வரி என்று பிறர் குறிப்பிட்டது இதைத்தான்.

விலையைப் பொறுத்தவரை, அடித்துக் காட்டப்பட்டிருந்த 3,499 ரூபாயோடு ஒப்பிட்டு மகிழாமல், நான் கட்டிய 499 ரூபாயையே கணக்கில் எடுத்தேன். உண்மையில் பெரிய செலவு நேரந்தான். 14 மணி நேரத்தில் எனக்குப் புதிதாகக் கிடைத்தது ஏறத்தாழ 6 மணி நேரப் பாடம். பாடம் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 5.7 பதிப்பில் பதிவானது என்பதையும் விலையோடு சேர்த்தே எழுதினேன். ROW_NUMBER() போன்ற விண்டோ ஃபங்ஷன்கள் 2018-இல் வந்த 8.0 பதிப்பில்தான் அறிமுகமாயின. ஆகவே அவற்றுக்காக நான் இன்னொரு பாடநெறியை வாங்க நேர்ந்தது.

நட்சத்திரம் தருவதைக் கடைசிப் பாடம் வரை தள்ளிப்போடுங்கள். முதல் சில பாடங்களிலேயே மதிப்பீடு கேட்கும் பெட்டி வந்து நின்றபோது நானும் ஐந்து நட்சத்திரம் தந்துவிட்டு, JOIN பகுதிக்குப் பின் அதை மூன்றாகக் குறைத்தேன்.